பெரியப்பாவின் பி.எஃப். பாஸ்புக், தமிழில்

சென்னை
12.9.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் பி.எஃப். பாஸ்புக்கை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "பென்ஷன் பணத்தை மில்லுக்காரங்க முழுங்கிட்டாங்களா" என்று கேட்டீர்களாம். இல்லை, பெரியப்பா. யாரும் முழுங்கவில்லை. ஆனால் அந்தப் பணம் நீங்கள் நினைக்கிற மாதிரி மொத்தமாகவும் கையில் வராது. அது ஏன் என்று கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வலது பக்கம் பணம் எழுதிய மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாவது உங்கள் பங்கு, இரண்டாவது மில்லின் பங்கு, மூன்றாவது பென்ஷன் நிதி.

2024 பிப்ரவரி மாத வரியை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய். அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், உங்களிடம் பிடித்தது. முதல் கட்டத்தில் இருப்பது அதுதான். மில்லும் அதே 1,440 கட்டியிருக்கிறது, ஆனால் அது இரண்டாகப் பிரிந்துவிடும். சம்பளத்தில் 8.33 சதவீதம், 1,000 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போய் மூன்றாவது கட்டத்தில் விழுகிறது. மிச்சம் 440 இரண்டாவது கட்டத்தில். "நான் 1,440 கட்டினா அவங்க 440தான் கட்டியிருக்காங்க" என்று நீங்கள் கோபப்பட்டதற்குக் காரணம் இந்தப் பிரிப்புதான்.

2020 மே, ஜூன், ஜூலை மூன்று வரிகளில் தொகை குறைந்திருக்கும். 10,600 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 1,060, மில்லின் பங்கு 177. கொரோனா நேரத்தில் அரசாங்கமே அந்த மூன்று மாதத்துக்கு 12 சதவீதத்தை 10 ஆகக் குறைத்தது. அதனால் அதிலும் தப்பில்லை.

இனி, கடைசிப் பக்கம். வரிக்கு வரி தமிழில்:

1.4.2023 அன்று தொடக்க இருப்பு: உங்கள் பங்கு 4,54,000. மில்லின் பங்கு 1,66,000.
அந்த வருடம் கட்டியது: உங்கள் பங்கு 17,280. மில்லின் பங்கு 5,280. பென்ஷன் 12,000.
அந்த வருட வட்டி, 8.25 சதவீதம்: உங்கள் பங்குக்கு 38,108. மில்லின் பங்குக்கு 13,895. பென்ஷனுக்கு வட்டி இல்லை.
31.3.2024 அன்று இருப்பு: உங்கள் பங்கு 5,09,388. மில்லின் பங்கு 1,85,175. பென்ஷனுக்கு இதுவரை கட்டியது 1,72,400.

முதல் இரண்டு கட்டமும் முழுக்க உங்களுடையது. மொத்தம் 6,94,563 ரூபாய். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததால் இதில் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். நீங்கள் மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றீர்கள், அதற்கப்புறமும் மூன்று வருடம் வரை வட்டி ஓடும். அதனால் யார் அவசரப்படுத்தினாலும் பதற வேண்டாம். அதற்காகப் போட்டு வைத்து மறந்துவிடவும் கூடாது, மூன்று வருடம் தாண்டினால் வட்டி நின்றுவிடும்.

நடுவில் 2016இல் 50,000 ரூபாய் கழிந்திருக்கிறதே, அது அக்கா கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்தது. பக்கத்தில் "PARA 68K" என்று இருக்கும். கல்யாணம், படிப்புச் செலவுக்கு உங்கள் சொந்தப் பங்கிலிருந்து பாதி வரை எடுக்கலாம் என்று அப்போது இருந்த விதியின் எண் அது. எல்லோரும் அதை "பி.எஃப். லோன்" என்றுதான் சொல்வார்கள், ஆனால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்லை. அப்போதே கழித்துவிட்டார்கள். இப்போது மறுபடி கழிக்க மாட்டார்கள்.

சரி, மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். அந்த 1,72,400 உங்கள் பெயரில் உண்டியலில் கிடக்கிற பணம் இல்லை. எல்லாத் தொழிலாளிகளுக்கும் பொதுவான நிதியில் சேர்ந்துவிட்டது. வட்டி போடாததும் அதனால்தான். உங்கள் சம்பளத்தில் 1.16 சதவீதத்தை அரசாங்கமும் அந்த நிதியில் போட்டிருக்கிறது, அது பாஸ்புக்கில் தெரியாது. பத்து வருடம் முடியாமல் வேலையை விட்டவர்கள் அந்தக் கணக்கில் ஒரு தொகையை மொத்தமாக வாங்கலாம். பத்து வருடம் தாண்டினால் மாதப் பென்ஷன் மட்டும்தான். நீங்கள் 1998 ஜூன் முதல் இருக்கிறீர்கள், ஏறக்குறைய 26 வருடம். உங்களோடு வேலை பார்த்தவர் 35,000 வாங்கினார் என்று சொன்னீர்களாம். அவர் இரண்டு மில் மாறி, பழைய கணக்கைச் சேர்க்காமல் விட்டவர். அவருக்குக் கிடைத்தது லாபமில்லை.

உங்களுக்கு எவ்வளவு வரும்? கடைசி அறுபது மாதச் சம்பளத்தின் சராசரியை வேலை பார்த்த வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். உங்கள் சராசரி 11,200. ஆனால் 2014 ஆகஸ்ட் வரைக்குமான வருடங்களுக்கு 6,500 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அப்போதைய உச்சவரம்பு அவ்வளவுதான். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் விதி அப்படி.

2014 ஆகஸ்ட் வரை 16 வருடம் 3 மாதம்: சுமார் 1,509 ரூபாய்.
அதற்கப்புறம் 9 வருடம் 7 மாதம்: சுமார் 1,533 ரூபாய்.

இருபது வருடம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஆக மொத்தம் மாதம் 3,200க்கும் 3,400க்கும் நடுவில் வரும் என்று நினைக்கிறேன். உத்தரவுத் தாளில் இருப்பதுதான் கடைசிக் கணக்கு, இது என் கணக்கு.

மாதம் 3,300 என்று வைத்தால், நாலேகால் நாலரை வருடத்தில் அந்த 1,72,400 உங்கள் கைக்கு வந்துவிடும். அப்புறமும் ஆயுள் வரை வரும். உங்களுக்குப் பின் பெரியம்மாவுக்கு இதில் பாதி, அவர் இருக்கும் வரை. பெரியம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கணும். பாஸ்புக்கோடு அனுப்பிய தாளில் அவர் பெயரில் ஒரு எழுத்து விட்டிருக்கிறது. அதை முதலில் திருத்தச் சொல்லுங்கள், பின்னால் அவர் அலைய வேண்டாம்.

இரண்டு மனு போட வேண்டும். பி.எஃப். பணத்துக்கு படிவம் 19, பென்ஷனுக்கு படிவம் 10D. இரண்டாவதற்கு நீங்களும் பெரியம்மாவும் சேர்ந்து எடுத்த போட்டோ, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் வேண்டும். படிவம் 10C போட்டால் பென்ஷன் பணத்தை மொத்தமாக வாங்கித் தருகிறேன், நூற்றுக்குப் பத்து கொடுங்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னாராமே, அவரிடம் ஆதார் நகலோ போனுக்கு வரும் ஓ.டி.பி.யோ தராதீர்கள். 26 வருடச் சர்வீஸுக்கு அந்த மனு எடுபடாது. மற்ற இரண்டுக்கும் கட்டணமே இல்லை.

பென்ஷன் வர ஆரம்பித்தபின் வருடத்துக்கு ஒரு தடவை உயிர்ச்சான்று கொடுக்கணும். வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். விட்டுவிட்டால் பென்ஷன் நிற்கும், கொடுத்ததும் நிலுவையோடு வரும்.

தீபாவளிக்கு வரும்போது 10D படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன். அதற்குள் பெரியம்மா பெயரைத் திருத்தி, போட்டோவையும் எடுத்து வைத்துவிடுங்கள். படிவம் 19ஐ அண்ணன் இந்த வாரமே போட்டுவிடட்டும், அதற்கு நான் வரத் தேவையில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்