குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள்: என்ன செய்கிறோம், எதற்காக?

(காட்சி: சேலைத் தொட்டில் கட்டிய கூடம். தாம்பாளத்தில் பச்சரிசி.)

வணக்கம். முதல் குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கும் அம்மா அப்பாவுக்காக இந்தக் காணொளி. மதுரைப் பக்கத்து இந்துக் குடும்பங்களில் நாங்கள் பார்த்து வளர்ந்த வழக்கத்தைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு முறை மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நாள். சிலர் 11ஆம் நாள் புண்ணியாகவாசனம் செய்து அன்றே பெயரிடுவார்கள். சிலர் 16ஆம் நாள், வேறு சிலர் 30ஆம் நாள். அதுவரை தீட்டு என்று சொல்லி வெளியாட்களைத் தள்ளி வைத்ததால், தாயும் சேயும் தொந்தரவில்லாமல் ஓய்வெடுக்க முடிந்தது. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய்க்கு இன்னும் உட்கார முடியவில்லையா? விழாவைத் தள்ளிப் போடுங்கள். நல்ல நேரம் பார்க்கிறவர்கள் அவளுடைய உடம்பையும் பார்க்க வேண்டும்.

(காட்சி: மாவிலைத் தோரணம், கலசம், மஞ்சள் பிள்ளையார்.)

காலையில் வீட்டைக் கழுவி, தோரணம் கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுங்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, குலதெய்வத்தை நினைத்து விளக்கேற்றுங்கள். கலச நீரை மாவிலையால் வீடெங்கும் தெளிப்பது தீட்டுக் கழிந்ததற்கு அடையாளம்.

அடுத்து காப்பு. அத்தை கொண்டுவந்த அரைஞாண் கயிற்றைக் குழந்தையின் இடுப்பில் கட்டி, கையிலும் காலிலும் காப்பு போடுவார்கள். கண்ணேறு படாமல் காக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. கயிறு இறுகாமல் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விடுங்கள். வசம்பு வளையல் போட்டால் சடங்கு முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பிள்ளை கையை வாயில் வைக்கும். வசம்பு வயிற்றுக்குள் போகக் கூடாது.

(காட்சி: அப்பாவின் கை அரிசியில் எழுதுகிறது.)

இப்போது பெயர். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, அப்பா மஞ்சள் கிழங்காலோ தங்க மோதிரத்தாலோ எழுதுவார். அரிசியும் மஞ்சளும் பிள்ளை குறைவில்லாமல் வாழ வேண்டும் என்பதற்காக. பல வீடுகளில் குலதெய்வத்தின் பெயர், தாத்தா அல்லது பாட்டியின் பெயர், கூப்பிடும் பெயர் என்று மூன்று எழுதுவார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. முன்னோர் பெயரும் விட்டுப்போகாது, பெற்றோர் ஆசைப்பட்ட பெயரும் நிலைக்கும். பெயரை முன்னிட்டு இரு வீட்டாருக்கும் மனத்தாங்கல் வரும்போது இந்த வழியைச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு குழந்தையை மடியில் வைத்து, வலது காதில் மெல்லிய குரலில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் அப்பா, பிறகு அம்மா, அத்தை, தாய்மாமன், தாத்தா பாட்டிகள். ஒவ்வொருவரும் உறவையும் சேர்த்துச் சொல்வது அழகு: “கயல்விழி, நான் உன் அத்தை.” “கயல்விழி, நான் உன் மாமன்.” இந்தப் பிள்ளைக்கு நான் இருக்கிறேன் என்று ஊரறிய ஏற்றுக்கொள்ளும் நேரம் இது. சடங்கின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே படம் எடுக்கும் அவசரத்தில் யாரையும் விரட்டாதீர்கள். கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் தள்ளி நின்றே வாழ்த்தட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம்.

(காட்சி: கிண்ணத்தில் சர்க்கரை.)

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னதும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் பழக்கம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரவைக்கும் நச்சை உண்டாக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். வாழ்வு இனிக்க வேண்டும் என்பதுதான் பெரியவர்களின் எண்ணம். அந்தச் சர்க்கரையை அம்மா அப்பாவின் வாயில் போடட்டும். கோபித்துக்கொள்ளும் பாட்டியிடம் பக்குவமாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். கண்ணுக்குள் மை தீட்டுவதும் வேண்டாம்.

கடைசியில் தொட்டில். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டினால் அவள் வாசத்தில் பிள்ளை அமைதியாகத் தூங்கும். மாமன் வீட்டார் மரத்தொட்டில் வாங்கி வருவதும் உண்டு. அத்தை குழந்தையைக் கிடத்தி ஆட்ட, பாட்டிமார் தாலாட்டுவார்கள். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் பொட்டுக்கடலையும் தேங்காயும் கலந்த காப்பரிசியை வந்தவர்களுக்கெல்லாம் கொடுங்கள்.

(காட்சி: பிறப்புச் சான்றிதழ்.)

விழா முடிந்த கையோடு பெயரைப் பதிவு செய்யும் வேலை இருக்கிறது. பிறப்பை மட்டும் விழாவுக்குக் காத்திருக்காமல் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையிலேயே செய்துவிடுவார்கள். பெயரில்லாமல் பதிவாகியிருந்தால் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்க முடியும். அரிசியில் எழுதிய மூன்றில் எது சான்றிதழுக்கு, முதலெழுத்து எது, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை இருவரும் பேசி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.