ஜூனியர் மெர்ச்சண்டைசர் பணிக்கான விண்ணப்பம்

அனுப்புநர்
இரா. கலைச்செல்வி,
அவிநாசி,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
பணியாளர் தேர்வு மேலாளர்,
தபால் பெட்டி எண் 214,
திருப்பூர்.

நாள்: 12.06.2025

பொருள்: ஜூனியர் மெர்ச்சண்டைசர் பணி – விண்ணப்பம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 'குழந்தைகள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்திற்கு ஜூனியர் மெர்ச்சண்டைசர் தேவை; அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று 08.06.2025 ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வந்த தங்கள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். பணி விவரம் அதில் தரப்படாததால், பதவியின் பெயரையும் தொழிலையும் கொண்டு நான் புரிந்துகொண்டதை முதலில் எழுதி, அதற்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்துகிறது என்பதைத் தெரிவிக்கிறேன்.

பையரின் டெக் பேக் கைக்கு வந்த நாள் முதல் சரக்கு துறைமுகத்துக்குக் கிளம்பும் நாள் வரை ஆர்டருக்குப் பதில் சொல்பவர் மெர்ச்சண்டைசர். 'ஜூனியர்' என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பதால், விலை பேசுவதும் ஆர்டர் எடுப்பதும் மூத்தவர்களிடம் இருக்கும் என்றும், சாம்பிள், லேப் டிப், ட்ரிம்ஸ் ஆகியவற்றுக்கு ஒப்புதல் பெறுவதும், நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க்கிற்கு வெளியே போகும் துணியைப் பின்தொடர்ந்து டி அண்ட் ஏ அட்டவணையில் அன்றன்றைக்குப் பதிவதும் இப்பணியில் சேரும் என்றும் கருதுகிறேன்.

ஆடை வடிவமைப்பில் பி.எஸ்சி. முடித்து, 2021 முதல் திருப்பூரில் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் உதவியாளராக இந்த வேலைகளைத்தான் செய்துவருகிறேன். சென்ற ஆண்டு 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி டி-சர்ட் ஆர்டர் ஒன்றில், சாயப்பட்டறையிலிருந்து வந்த இரண்டாவது லாட் ஒப்புதல் பெற்ற லேப் டிப்பைவிடச் சற்றுச் சிவந்திருந்தது. ட்யூப் லைட்டில் தெரியாத அந்த வேறுபாடு, லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் வைத்தபோது தெளிவாகத் தெரிந்தது. துணியைக் கட்டிங்கிற்கு விடாமல் நிறுத்தச் சொல்லி, இரண்டு லாட்டிலிருந்தும் துண்டு வெட்டி அன்று மாலையே மூத்த மெர்ச்சண்டைசர் வழியாகப் பையருக்கு அனுப்பினோம். லாட்டுகளைத் தனித்தனியாக வெட்டித் தைத்து, ஒரே பெட்டியில் கலக்காமல் பேக் செய்தால் ஏற்றுக்கொள்வதாக அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வெட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் முன்பக்கம் ஒரு ஷேடும் கை ஒரு ஷேடுமாகத் தைத்த பீஸ்கள் செக்கிங்கில் குவிந்திருக்கும். ஆகவே துணி உள்ளே வரும் இடத்தில் நிற்பதே இந்த வேலையின் முதற்கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளம்பரத்தில் உள்ள 'குழந்தைகள்' என்ற சொல்லையும் கவனத்தில் கொண்டேன். ஐரோப்பாவின் EN 14682 தரவிதிப்படி சிறு குழந்தைகளின் ஆடையில் தலைமூடிப் பகுதியிலும் கழுத்துப் பகுதியிலும் இழுகயிறு இருக்கக் கூடாது என்பதையும், பிரஸ் பட்டனுக்கு இழுவிசைச் சோதனையும், பேக்கிங்கிற்கு முன் உடைந்த ஊசிமுனை துணியில் தங்கவில்லை என்று உறுதிசெய்யும் ஊசி கண்டறியும் சோதனையும் தேவை என்பதையும் அறிவேன். இப்போதைய நிறுவனத்தில் பெரியவர்களுக்கான ஆடையே அதிகம். குழந்தைகள் ஆடையில் இரண்டு ஆர்டர்களுக்கு மட்டும் சாம்பிள் நிலை முதல் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வரை உடனிருந்திருக்கிறேன்.

விளம்பரத்தைக் கொண்டு என்னால் ஊகிக்க முடியாதவை இரண்டு. காஸ்டிங் ஷீட் தயாரிப்பதும் இப்பணியில் சேருமா என்பது ஒன்று: ஒரு டஜனுக்கு எவ்வளவு துணி என்ற கணக்கை, சாயத்தில் ஏற்படும் எடை இழப்பையும் கட்டிங் கழிவையும் சேர்த்து, நானே போடுவேன், முழு விலைக் கணக்கை இதுவரை மூத்தவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்திருக்கிறேன். பையருடன் நேரடியாக மின்னஞ்சல் தொடர்பு கொள்ள வேண்டுமா என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் அன்றாட நிலவர அறிக்கை எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. என் புரிதலுக்கு மாறாகப் பணி அமைந்திருந்தால், நேர்காணலுக்கு முன்பே தெரிவித்தால் அதற்கேற்பத் தயாராக வருவேன்.

இப்போதைய பணியிலிருந்து விலக ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். திங்கள் முதல் சனி வரை மாலை ஆறரை மணிக்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்திலும் நேர்காணலுக்கு வர இயலும். நான் பராமரித்த டி அண்ட் ஏ அட்டவணை ஒன்றை, பையர் பெயரும் விலையும் நீக்கி, நிறுவனத்தின் அனுமதியுடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கலைச்செல்வி

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ் நகல், டி அண்ட் ஏ அட்டவணை மாதிரி.