பாதி ஆட்டம் முடிந்தது, 0-4

முதலில் தண்ணீர் குடியுங்கள். உட்காருங்கள். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், அந்த நாலு கோலில் என் பங்கும் இருக்கிறது, இடது பக்கத்தை அப்படித் திறந்துவிட்டது நான் போட்ட திட்டம்தான்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தோற்றுவிடுவோமோ என்ற பயம் இனி எதற்கு, அது ஏற்கெனவே நடந்துகொண்டுதானே இருக்கிறது, அதனால் இதுவரை பயந்து அடிக்காத பாஸை இப்போது அடித்துப் பாருங்கள்.

ஸ்கோர்போர்டைப் பார்த்து ஓடாதே, பந்தைப் பார்த்து ஓடு.

நாலு கோலை ஒரே உதையில் அடிக்க முடியாது. முதல் பத்து நிமிடத்தில் ஒன்று, அது மட்டும் போதும். அடி மேல் அடித்தால் அம்மியும் நகரும், அவர்களுடைய டிஃபென்ஸ் அம்மியைவிட கெட்டி இல்லை.

2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லிவர்பூல் இதே நேரத்தில் 0-3 என்று உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்து ஆறே நிமிடத்தில் மூன்றையும் அடித்தார்கள், அப்புறம் பெனால்ட்டியில் கோப்பையையும் வாங்கினார்கள். நமக்கும் அப்படியே நடக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களும் இப்படித்தான் தலையைத் தொங்கப்போட்டு உள்ளே வந்திருப்பார்கள்.

கோல்கீப்பர், நீ தடுத்த ஆறை யாரும் எண்ணவில்லை, நான் எண்ணினேன்.

சரி, எழுந்திருங்கள். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், இடது பக்கம் இரண்டு பேர்.