சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்தும் முறை: 100 லிட்டர், தட்டை கலெக்டர் வகை

பம்பு இல்லாமல், தெர்மோசைபன் முறையில் ஓடும் ஹீட்டர் இது. கான்கிரீட் மாடிக்கு மட்டுமே ஏற்றது. தண்ணீர் மட்டுமே நூறு கிலோ. டேங்க், ஸ்டாண்டு, வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் பலகையான கலெக்டர், இவற்றின் எடை தனி. ஓட்டுக்கூரை மேல் ஏற்றாதீர்கள்.

இடம்

கலெக்டரின் முகம் தெற்கே பார்க்கட்டும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. ஆனால் வெந்நீர் அதிகம் வேண்டியிருப்பது மார்கழியில்தான், அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் 20 முதல் 25 டிகிரி சாய்வு வையுங்கள். தெற்குப் பக்கம் தென்னை நின்றால், அதன் நிழல் சித்திரையில் எட்டாத இடத்தையும் மார்கழியில் எட்டும். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு டேங்கில் மின் ஹீட்டர் இருப்பது நல்லது.

டேங்கும் குழாயும்

வேலையின் உயிர் இங்கேதான். கலெக்டரில் சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். டேங்கின் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் கனத்தால் கீழே இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கும். இந்தச் சுற்றை உந்த வேறு விசை கிடையாது. எனவே டேங்கின் அடிப்பாகம் கலெக்டரின் மேல் விளிம்பைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்தால் இரவில் ஓட்டம் திரும்பி, பகலில் சேர்ந்த சூடெல்லாம் கலெக்டர் வழியே போய்விடும்.

கலெக்டரின் மேல் முனையிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் வழி நெடுக ஏறிக்கொண்டே போக வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பிளம்பர் நடுவில் ஒரு மேடு வளைத்துவிட்டால் அங்கே காற்று தங்கும், ஓட்டம் நிற்கும். இந்தக் குழாய்க்கு செம்பு அல்லது ஜிஐ போட்டு, மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். சாதாரண பிவிசி இளகிவிடும்.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் சூட்டு டேங்கின் தலையைவிட உயரமாக இருக்க வேண்டும். சூட்டு டேங்கிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேறும் வென்ட் குழாய் அந்தத் தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி நிற்கட்டும். அதில் வால்வு போடவே கூடாது.

உப்பும் காற்றும்

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலெக்டரின் சன்னக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். அப்படிப்பட்ட ஊரில் போர் தண்ணீர் கலெக்டருக்குள் போகாமலே சூடாகும்படி ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள மாடலையே வாங்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் ஸ்டாண்டும் போல்ட்டும் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். 2018 கஜா புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஸ்டாண்டின் கால்களை கான்கிரீட் கட்டைகளில் போல்ட் போட்டு முறுக்குங்கள்.

ஓடவிடுதல்

அதிகாலையில் தண்ணீர் நிரப்புங்கள். வெயிலில் காய்ந்த கலெக்டரில் குளிர்ந்த தண்ணீரை விடாதீர்கள். குளியலறை வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று வெடிப்பது நின்று தண்ணீர் சீராக வரும் வரை விடுங்கள்.

நல்ல வெயில் நாளில் பிற்பகல் 1 மணிக்கு, இன்சுலேஷனைச் சற்று விலக்கி கலெக்டரின் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். மேல் குழாய் சுட்டு, கீழ்க் குழாய் தணிந்திருந்தால் சுற்று ஓடுகிறது. கலெக்டர் கொதிக்க, மேல் குழாய் குளிர்ந்தே கிடந்தால் காற்று அடைத்திருக்கிறது. மேல் குழாயின் ஏற்றத்தை மறுபடி அளந்து பாருங்கள்.