பொருள்: மைக்ரோமீட்டர் எம்-14 காலிபிரேஷன் கெடு தவறியது – திருத்த நடவடிக்கை விவரம்

மதிப்பிற்குரிய ஆடிட்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 11 அன்று கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள எங்கள் ஆலையில் நீங்கள் நடத்திய தணிக்கையில், 25–50 மி.மீ. மைக்ரோமீட்டர் எம்-14-இன் காலிபிரேஷன் கெடு ஏப்ரல் 30-லேயே முடிந்திருந்தும் அது இரண்டாம் லைனில் புழக்கத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டினீர்கள் (ஐஎஸ்ஓ 9001:2015, பிரிவு 7.1.5.2). அதன்மேல் எடுத்த நடவடிக்கைகளைக் கீழே தருகிறேன்.

அன்று மாலையே கருவியை லைனிலிருந்து எடுத்து, சிவப்பு அட்டை கட்டிப் பூட்டி வைத்தோம். எதையும் சரிசெய்யாமல், இருந்த நிலையிலேயே, கோவையில் உள்ள என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதிகபட்சப் பிழை +3 மைக்ரான் என்று சான்றிதழ் வந்துள்ளது. எங்கள் ஏற்பு வரம்பு ±4 மைக்ரான்.

வரம்புக்குள் இருக்கிறது என்பதோடு விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த லைனில் ஓடுவது 32 மி.மீ. எச்7 ஷாஃப்ட், அளவு 31.975-லிருந்து 32.000 வரை. கருவி 3 மைக்ரான் கூட்டிக் காட்டினால், 31.978-க்குக் கீழே பதிவான எந்தப் பீஸும் உண்மையில் கீழ்வரம்பைத் தாண்டியிருக்கலாம். மே 1 முதலான ஆய்வுத் தாள்களை வரிவரியாகப் பார்த்தோம். பதிவானவற்றில் மிகக் குறைந்த அளவு 31.981. ஆனால் அந்தத் தாள்கள் மணிக்கு ஒரு பீஸ் அளந்தவை மட்டுமே. ஆகவே ஸ்டோரில் இருந்த இரண்டு லாட்டையும் பிரித்து, கெடு முடியாத வேறொரு மைக்ரோமீட்டரில் முழுவதும் அளந்தோம். ஷாப் ஃப்ளோர் சூடு அளவில் புகுந்துவிடும் என்பதால், பீஸ்களையும் கருவியையும் ஸ்லிப் கேஜையும் 20 டிகிரியில் இருக்கும் ஆய்வு அறையில் ஒன்றாக இரவு முழுக்க வைத்து, மறுநாள் காலையில்தான் அளந்தோம். ஒரு பீஸும் வரம்புக்கு வெளியே போகவில்லை. ஏற்கெனவே அனுப்பிய நான்கு லாட் பற்றி வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, இந்த அளவுகளையும் கொடுத்திருக்கிறோம்.

காரணம் தேடும்போது 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்று முதலில் எழுதப்பட்டதை நான் ஏற்கவில்லை. யார் அங்கே நின்றிருந்தாலும் இது நடந்திருக்கும். எம்-14 உதிரியாக வாங்கி ஸ்டோரில் வைத்த கருவி; மாஸ்டர் லிஸ்ட்டில் அதன் நிலை 'இருப்பு'. மாதாமாதம் கெடு பார்க்கும்போது 'புழக்கம்' என்றுள்ள கருவிகளை மட்டும் வடிகட்டி எடுக்கும் வழக்கம். பிப்ரவரியில் இரண்டாம் லைன் தொடங்கியபோது ஸ்டோர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக் கருவியைக் கொடுத்துவிட்டார்கள்; அந்தப் புத்தகத்துக்கும் மாஸ்டர் லிஸ்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போதாததற்கு, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது ஃபிரேமில் கை பிடிக்கும் இடத்தில். கூலன்ட் பட்டுப் பட்டு மை கரைந்து, தேதி இருந்த இடத்தில் நீலக் கறைதான் மிச்சம்.

மாஸ்டர் லிஸ்ட்டில் இந்த நிலை வடிகட்டலையே எடுத்துவிட்டோம். இருப்போ புழக்கமோ, எண் உள்ள எல்லாக் கருவிக்கும் கெடுவுக்கு 45 நாள் முன்பே பட்டியல் வரும். கோவைக்குப் போய்த் திரும்பும் நாளையும் கணக்கில் கொண்டே அந்த 45. தரப்பிரிவின் கையெழுத்து இல்லாமல் ஸ்டோர் இனி எந்த அளவுக்கருவியையும் வெளியே தராது. ஸ்டிக்கரைக் கை படாத பக்கத்துக்கு மாற்றி, மேலே லேமினேட் ஒட்டியிருக்கிறோம். ஷிஃப்ட் தொடக்கத் தாளில் ஆபரேட்டர் கெடு தேதியைத் தன் கையால் எழுத வேண்டும். வாசிக்க முடியவில்லை என்றால் கருவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். 'சரி' என்று டிக் அடிக்கும் கட்டத்தை வேண்டுமென்றே நீக்கினேன்.

மற்ற கருவிகள் 63-ஐயும் கையில் எடுத்துப் பார்த்ததில், ஸ்டோரிலேயே இருந்த ஒரு பிளக் கேஜும் ஒரு டயல் கேஜும் இதேபோல் கெடு கடந்திருந்தன. இரண்டும் யாருக்கும் வழங்கப்படவில்லை. இப்போது ஆய்வகத்தில் உள்ளன, சான்றிதழ் வந்ததும் அனுப்புகிறேன்.

பயிற்சியை ஆனித் தேரோட்ட விடுமுறைக்கு முன்பே முடித்துவிட்டோம். தாழையூத்து, கயத்தாறு பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்து தவறக் கூடாது என்று ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குள்ளேயே, கருவியைக் கையில் கொடுத்தே நடத்தினோம்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாத இறுதிகளில் மாஸ்டர் லிஸ்ட்டையும் லைனில் உள்ள கருவிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பிரிவு 10.2 கேட்கும் பயன் சரிபார்ப்புக்கு அந்த மூன்று மாதப் பதிவுதான் சான்றாக இருக்க முடியும். எனவே இந்தக் குறைபாட்டை இப்போதே முடித்துவைக்க வேண்டாம். நடவடிக்கைத் திட்டத்தை மட்டும் ஏற்று, அக்டோபர் முதல் வாரத்தில் நான் பதிவுகளை அனுப்பியபின் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வகச் சான்றிதழ், மறு அளவீட்டுத் தாள்கள், வாடிக்கையாளர் கடித நகல், திருத்திய நடைமுறை, பயிற்சிப் பதிவு ஆகியவை இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
தர மேலாளர்
கங்கைகொண்டான், திருநெல்வேலி மாவட்டம்