நல்லம்மாள்: எங்கள் அம்மாயிக்கு எண்பது

எல்லாருக்கும் வணக்கமுங்க. அம்மாயி, ஓரத்துக்கு நகராமல் நடுவில் உட்காருங்கள். காது மிஷினைப் போட்டுக்கொண்டீர்களா? சரி, ஆரம்பிக்கிறேன்.

உங்களை நாங்கள் அம்மாயி என்கிறோம். மாமன்மார் அம்மா என்கிறார்கள், அத்தைமார் அத்தை என்கிறார்கள். ஊரில் கேட்டால் தோட்டத்து ஆத்தா. அப்புச்சி இருந்தவரைக்கும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிட்டார். பட்டா அப்புச்சி பேரில், பால் சொசைட்டி அட்டையும் அவர் பேரில். உங்கள் சொந்தப் பேர் இருப்பது ரேஷன் கார்டிலும் ஓட்டர் ஐடியிலும்தான். மூத்தவங்க பேரைச் சொல்லக் கூடாது என்று எங்களை வளர்த்தீர்கள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அனுமதி கொடுங்கள். பேரன் பேத்திகள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பேரை எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதியிருக்கிறோம். புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் ல், ம், ள் வரும் இடங்களில் ஒவ்வொரு வரியும் அந்த எழுத்தில் போய் முடியும்.

ந

நல்லம்மாள் என்று பேர் வைத்தவர் உங்கள் அப்பாரு.
1945, தை மாதம். சென்னிமலைக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காடு.
நாளும் நேரமும் எழுதி வைக்க அங்கே ஆளில்லை.
"பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆடு பட்டிக்குத் திரும்பற நேரம்",
உங்கள் சாதகம் அவ்வளவுதான்.
நடக்கப் பழகியதும் குட்டிகளுக்குப் பின்னால் போனீர்கள்.
பள்ளிக்கூடத்து வாசலை ஆடு ஓட்டிக்கொண்டு தாண்டிப் போனீர்கள்.
1955-ல் பவானிசாகர் அணையைக் கட்டி முடித்தார்கள்.
கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி வருகிறது என்று ஊரே ஓடியது.
நீங்களும் ஓடி, இடுப்பு வரைக்கும் இறங்கி,
நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்து அடி வாங்கினீர்கள்.
அந்தக் கதையை எங்களுக்கு எத்தனையோ ராத்திரி சொல்லியிருக்கிறீர்கள்.
இன்று ராத்திரியும் சொல்ல வேண்டும், கொள்ளுப் பேரனுக்கு.

ல்

மாலை மாற்றி வந்தது பதினெட்டு வயசில்,
வலது கால் வைத்தது மண் சுவர் வைத்த ஓட்டு வீட்டில்.
வாசல் தெளித்துக் கோலம் போட்டாகிவிடும் கோழி கூவும் இருட்டில்.
அப்புச்சி எருது பூட்டிக் கவலை இறைப்பார் பனிக் குளிரில்,
நீங்கள் மண்வெட்டியோடு மடை மாற்றுவீர்கள் வரப்பு மேட்டில்.
பெரிய மாமா தூங்குவார் வேப்பமரத்துத் தூளியில்.
ஆள் கிடைக்காத வருஷம் தனியாகக் களை எடுத்தீர்கள் சித்திரை வெயிலில்.
மூன்று பெண்ணும் இரண்டு பையனும் வளர்ந்தது அந்தச் சோளக் காட்டில்.
அப்புச்சி படுத்த படுக்கையாகக் கிடந்த நாளில்
வரவு செலவு மொத்தமும் நின்றது உங்கள் விரலில்.
அவரைக் காட்டுக்கு அனுப்பிய மறுநாளும், விடியலில்,
பால் போய்ச் சேர்ந்தது சொசைட்டியில்.

ல

லட்சுமி என்று பேர் வைத்த காங்கேயம் பசுவை
விலைக்குக் கேட்டு வியாபாரி வந்த வருஷம் மழையே இல்லை.
கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வேரோடு காய்ந்து கிடந்தது.
சுற்றிலும் பட்டி பட்டியாக மாடு சந்தைக்குப் போனது.
அவர் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எண்ணி வைத்தார்.
பொறந்தப்போ செவலைக் கன்று, வளர வளர வெளுத்தவள்,
கிளுவை வேலி ஓரம் நின்று உங்கள் குரலுக்குத் தலை திருப்பினாள்.
"வூட்டுப் புள்ளைக்கு வெலை சொல்லுவாங்களா? எடுத்துட்டுப் போங்க."
அப்புறம் வெள்வேலங்காயைப் பொறுக்கிப் போட்டீர்கள்,
சம்பந்தி வீட்டில் சோளத்தட்டுக் கடன் கேட்டீர்கள்,
யார் வீட்டிலும் கடன் கேட்டு நிற்காத நீங்கள்.
இன்று பட்டியில் நிற்கும் நாலும் அவள் வழி வந்தவைதான்.
இந்தப் பந்தியில் பாயசத்துக்குப் பால் அவை கொடுத்தது.

ம்

பஸ் இறங்கினால் மண் ரோட்டிலேயே கேட்கும்
"வா சாமி, வெயில்ல வந்தியா" என்ற சத்தம்.
அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் உருகும் நெய் மணக்கும்.
சந்தகை பிழிய மாமனும் மச்சானும் மாறி மாறி அழுத்த வேண்டும்,
தேங்காய்ப் பால் சிலருக்கும், தாளித்தது சிலருக்கும்,
உங்கள் தட்டுக்கு அடியில் ஒட்டியது போதும்.
சளி என்றால் செலவு ரசம்,
உடம்பு வலி என்றால் கொள்ளு ரசம்,
அழுகை என்றால் கேள்வி கேட்காமல் ஒரு ஒப்புட்டு வரும்.
ஆள் ஆளுக்கு எது பிடிக்கும், எது ஆகாது, எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.
"சாப்டீங்களா அம்மாயி?" என்று இன்றைக்கு நாங்கள் முதலில் கேட்போம்.

மா

மாமன்மாரும் அப்பாவும் சேர்ந்து பேசிய ஒரு ராத்திரி.
கோயமுத்தூர் காலேஜ், ஹாஸ்டல், அத்தனை பணம்,
பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்டார்கள்.
நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாவியை எடுத்துப் போய்
மஞ்சள் அறையைத் திறந்து விட்டீர்கள்.
விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்திருந்த மூட்டைகள்.
பத்து மாதம் தண்ணீர் கட்டி, தோண்டி எடுத்து,
கொப்பரையில் வேக வைத்து, களத்தில் காய வைத்து,
உங்கள் உள்ளங்கை ரேகைக்குள்ளேயே போய் உட்கார்ந்த மஞ்சள்.
விடிந்ததும் வண்டி ஈரோட்டு மண்டிக்குப் போனது.
விலை அன்றைக்கு ரொம்பவே இறங்கியிருந்தது,
இருந்தும் முழுசாக விற்று வரச் சொன்னீர்கள்.
பட்டம் வாங்கின போட்டோவில் என் பக்கத்தில் நிற்பது நீங்கள்.
எனக்குப் பிறகு இந்த வீட்டில் ஐந்து பெண்கள் படித்துவிட்டார்கள்,
ஒருத்திக்கும் அந்தக் கேள்வி வரவில்லை அம்மாயி.

ள்

களம் முழுக்க விரலியும் கிழங்குமாக இந்த வருஷத்து மஞ்சள்,
பழனிக்கு நடப்பவர்களுக்குச் செம்பு செம்பாக மோர் ஊற்றிய கைகள்,
முட்டி வலியோடும் சென்னிமலையின் 1320 படியும் ஏறிய கால்கள்,
பேரைச் சொல்ல அனுமதி வாங்கிய பதினோரு பேரப் பிள்ளைகள்,
கல்யாணமாகி வந்து உங்களிடம் ஒப்புட்டுப் பக்குவம் கற்ற மருமகள்கள்.
முதல் பந்தி, முதல் இலை, பெரியவர் உங்களுக்கான நாள்,
பரிமாற வரிசையில் நிற்கிறார்கள் உங்கள் பிள்ளைகள்.
எழுந்து அடுப்படிக்குப் போகாதீர்கள், திருநீறு பூசி விடுங்கள்.
பெரிய மாமா சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கிறது, வாங்கிப் பாருங்கள்.
பால் சொசைட்டி அட்டை, போன வாரம் பேர் மாற்றி எழுதினார்கள்.
உறுப்பினர்: நல்லம்மாள்.