விவாதம்: செம்பருத்தி இலை டிஎன்ஏவில் ஆர்பிசிஎல் பேண்ட் வராதது ஏன்?

செம்பருத்தி மாதிரி போட்ட இரண்டு லேன்களிலும், 600 பேஸ்பேர் அருகே வரவேண்டிய ஆர்பிசிஎல் பேண்ட் வரவில்லை. லேடர் தெளிவாகப் பிரிந்திருக்கிறது, அதனால் ஜெல்லிலோ சாயத்திலோ கோளாறு இல்லை. அதே மாஸ்டர் மிக்ஸ், அதே ப்ரைமர்கள், அதே ஓட்டத்தில் வைத்த பசலைக்கீரை டிஎன்ஏ சரியான அளவில் நல்ல பேண்ட் கொடுத்திருக்கிறது. ஆகவே பாலிமரேஸ், மெக்னீசியம், 55 டிகிரி அனீலிங், மெஷின் எதையும் குறை சொல்ல முடியாது. சந்தேகம் செம்பருத்தி டெம்ப்ளேட் மேல்தான்.

டிஎன்ஏ சிதைந்துவிட்டதா? அப்படித் தெரியவில்லை. பிசிஆருக்கு முன் ஓட்டிய ஜெல்லில் கிணற்றுக்குக் கொஞ்சம் கீழே அடர்த்தியான ஜீனோமிக் பேண்ட் இருந்தது. அதற்கும் கீழே இழுபட்ட ஸ்மியர் லேசாகத்தான் இருந்தது. டெம்ப்ளேட் போதவில்லை என்பதும் பொருந்தாது. ஆர்என்ஏஸ் போடாததால் 180 நானோகிராம் என்ற ரீடிங்கில் ஆர்என்ஏவும் சேர்ந்திருக்கும் என்றாலும், ஆர்பிசிஎல் பசுங்கணிகத்தின் மரபணு, ஒரு செல்லிலேயே ஏராளமான பிரதிகள் இருக்கும், அதில் சின்னப் பங்கு டிஎன்ஏவாக இருந்தாலே போதும்.

எங்கள் கணிப்பு, பிசிஆரைத் தடுக்கும் பொருள் ஏதோ டிஎன்ஏவோடு கூடவே வந்திருக்கிறது என்பதுதான். செம்பருத்தி இலையை அரைத்தாலே வழவழவென்று வரும், அந்தப் பாலிசாக்கரைடு சிடிஏபி முறையில் முழுதாகக் கழன்று போகாது, ஆல்கஹால் போட்டு வீழ்படிவாக்கும்போது டிஎன்ஏவோடு சேர்ந்து இறங்கிவிடும். 260/280 விகிதம் 1.8 என்று அழகாக இருந்ததை வைத்து டிஎன்ஏ சுத்தம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான், ஏனென்றால் 260/230 விகிதம் 0.7தான், 2 வாக்கில் இருக்கவேண்டியது. பாலிசாக்கரைடு, ஃபீனால் எல்லாம் அந்த எண்ணில்தான் தெரியும். இன்னொரு தடயமும் உண்டு. டெம்ப்ளேட் இல்லாத கண்ட்ரோலில் அடியில் மங்கலாக ப்ரைமர் டைமர் தெரிகிறது, செம்பருத்தி லேன்களில் அதுவும் இல்லை. பாலிமரேஸே அங்கே ஓடவில்லை போலிருக்கிறது. ஆனால் டெம்ப்ளேட் அதிகமாக இருந்தாலும் டைமர் குறையலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

டிஇ பஃபரில் உள்ள ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துவைத்திருக்குமோ என்றும் கணக்குப் போட்டோம். 1 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ள கரைசலில் 2 மைக்ரோலிட்டரை 25 மைக்ரோலிட்டர் வினையில் விட்டால் 0.08 மில்லிமோலார்தான் ஆகும், 1.5 மில்லிமோலார் மெக்னீசியத்தின் முன் அது பெரிதில்லை. ப்ரைமர் பொருந்தாமல் போயிருக்க வாய்ப்பு குறைவு, அந்தப் பகுதி பூக்கும் தாவரங்களில் அதிகம் மாறாதது. ஆனாலும் பசலைக்கீரையில் வேலை செய்தது என்பதே செம்பருத்திக்கும் சாட்சி ஆகிவிடாது.

தடுப்புப் பொருள் என்பது இப்போதைக்கு ஊகம்தான். செம்பருத்தி டிஎன்ஏவில் கொஞ்சத்தைப் பசலைக்கீரை குழாயில் சேர்த்து ஓட்ட வேண்டும். கீரையின் பேண்டும் மறைந்தால் ஊகம் சரி. மறையாவிட்டால் ப்ரைமரைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். கூடவே டெம்ப்ளேட்டை 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்து, பிஎஸ்ஏ சேர்த்தும் சேர்க்காமலும் போட வேண்டும். 50 மடங்கில் பேண்ட் வந்தால் புதிதாக டிஎன்ஏ எடுக்கத் தேவையில்லை.